மட்டங்காட்டி சரி என்கிறது, கரை சரிந்து நிற்கிறது: பண்ணைக் கடலில் எதை நம்புவது?

கேள்வி: யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தடியில் நின்று பொழுதுபடும் நேரம் படம் எடுக்கிறேன். கைபேசியில் கட்டக்கோடும் போட்டிருக்கிறேன், லெவலும் மஞ்சளாக வருகிறது. பிறகு பார்த்தால் அடிவானம் ஒரு பக்கம் சரிந்தே இருக்கிறது. காரைநகர் கசூரினா கடற்கரையில் எடுத்தால் இப்படி வருவதில்லை. கமராவிலும் இதே கதைதான். லெவல் பிழையா, நான் பிடிப்பது பிழையா?

பதில்:

பெரும்பாலும் இரண்டும் பிழையல்ல. பண்ணையில் நீங்கள் அடிவானம் என்று எண்ணிப் பார்ப்பது அடிவானமே அல்ல, எதிர்ப்புறத்துக் கரை. கரை உங்களுக்குக் குறுக்காக நேரே கிடக்காமல் சாய்வாக விலகிச் சென்றால், கமரா எவ்வளவு மட்டமாக இருந்தாலும் படத்தில் அது சரிந்த கோடாகத்தான் விழும். ஆனால் இதற்குள் வேறு இரண்டு சிறிய காரணங்களும் கலந்திருக்கக்கூடும். ஒன்று நீங்கள் லெவல் என்று சொல்லும் மட்டங்காட்டிக்கே உள்ள பிழை, மற்றையது படம் எடுக்கும் கணத்தில் கை அமர்வது. மூன்றையும் வேறுபிரித்து அறிய முடியும். கரைச் சரிவே பெரியதும் அதிகம் ஏமாற்றுவதுமாகையால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கட்டக்கோடும் மட்டங்காட்டியும் ஒரே வேலையைச் செய்யும் இரு கருவிகள் போலத் தோன்றினாலும் அவை அளப்பது வெவ்வேறு உறவுகளை. கட்டக்கோடு திரையின் விளிம்புகளுக்கு இணையாக வரையப்பட்ட கோடு மட்டுமே. பூமி எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது, கண்ணுக்குத் தெரியும் ஏதோவொரு கோட்டைச் சட்டத்துடன் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அது உதவும். மட்டங்காட்டியோ காட்சியைப் பார்ப்பதே இல்லை. கருவிக்குள் இருக்கும் ஆர்முடுகல்மானி புவியீர்ப்பின் திசையை உணர்ந்து, அந்தத் திசைக்குச் சட்டம் செங்குத்தாக நிற்கிறதா என்பதை மட்டும் சொல்கிறது. ஆகவே ஒன்று காட்சியின் சாட்சி, மற்றது ஈர்ப்பின் சாட்சி. இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் கேள்வியே எழாது. முரண்படும் இடத்தில், அந்த இடத்தில் எந்தச் சாட்சி ஏமாறக்கூடியது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கசூரினாவில் இரண்டும் ஒத்துப்போவதற்குக் காரணம் இலகுவானது. அங்கே வடக்கே பார்த்தால் எதிரில் திறந்த கடல். கரையில் நின்று, வில்லை நீர்மட்டத்திலிருந்து 1.6 மீற்றர் உயரத்தில் இருந்தால், கடல் வானைத் தொடும் கோடு ஏறக்குறைய நாலரைக் கிலோமீற்றர் தொலைவில் இருக்கும். அது எல்லாத் திசையிலும் ஒரே தொலைவு. எல்லாத் திசையிலும் ஒரே தொலைவில் இருப்பதால் எல்லாத் திசையிலும் அது கண்மட்டத்திலிருந்து ஒரே அளவே தாழ்ந்திருக்கும். எனவே இடப்புறத்துக்கும் வலப்புறத்துக்கும் வேறுபாடு வராது, கோடு கட்டாயம் மட்டமாகவே விழும். பருத்தித்துறையிலும் வல்வெட்டித்துறையிலும் கீரிமலையிலும் பாக்கு நீரிணையைப் பார்த்து நின்றாலும் இதே நிலைதான். உண்மையான அடிவானம் வேண்டுமென்றால் குடாநாட்டின் வடகரைக்குப் போக வேண்டும் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

பண்ணை போன்ற கடல்நீரேரியில் அந்த நாலரைக் கிலோமீற்றருக்குள்ளேயே பெரும்பாலும் ஏதாவதொரு கரை வந்து குறுக்கிடுகிறது. குறுக்கிட்ட கரையின் நீர்விளிம்பு அடிவானத்திலும் கீழேதான் தெரியும். எவ்வளவு கீழே என்பது இரண்டு அளவுகளில் தங்கியிருக்கிறது: வில்லை நீரிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, கரை எவ்வளவு தொலைவில் இருக்கிறது. உயரத்தைத் தொலைவால் வகுத்து 57 ஆல் பெருக்கினால் அந்தத் தாழ்வு பாகையில் கிடைக்கும். கிட்டிய கரை அதிகம் தாழும், தூரத்துக் கரை குறைவாகத் தாழும். கரையின் ஒரு முனை கிட்டவும் மறுமுனை தூரவும் இருந்தால், இரண்டையும் இணைக்கும் நீர்விளிம்பு படத்தில் சரிந்து ஏறாமல் வேறென்ன செய்யும்?

ஓர் உதாரணத்தைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். வீதியின் ஓரத்தில் நிற்கிறீர்கள், வில்லை நீரிலிருந்து 3 மீற்றர் உயரத்தில் இருக்கிறது என்று வைப்போம். படத்தின் இடது விளிம்பில் கரை 300 மீற்றர் தொலைவிலும், வலது விளிம்பில் 1500 மீற்றர் தொலைவிலும் இருக்கட்டும். இடப்புறத்தில் தாழ்வு 0.57 பாகை, வலப்புறத்தில் 0.11 பாகை, வேறுபாடு 0.46 பாகை. இந்த வேறுபாடு தனியே பார்த்தால் மிகச் சிறியது. அதைப் படத்தின் அகலம் முழுவதிலும் பரப்பும்போதுதான் அது பெரிதா சிறிதா என்பது தெரியவரும். கைபேசியின் சாதாரண வில்லை, படுக்கையாகப் பிடிக்கும்போது, ஏறக்குறைய 67 பாகை அகலத்தைப் பிடிக்கிறது. 4032 பிக்சல் அகலமுள்ள படத்தில் அந்த 0.46 பாகை ஏறக்குறைய முப்பது பிக்சல் ஏற்றமாக, அதாவது 0.4 பாகைச் சரிவாக வந்து விழும். அதைப் பலர் கவனிக்கவே மாட்டார்கள்.

இனி நான்கு மடங்கு ஸூம் செய்து, கரை விலகிப் போகும் திசையையே பார்த்து எடுக்கிறீர்கள் என்று வைப்போம். இப்போது படத்தின் அகலம் ஏறக்குறைய 20 பாகைதான். அதே 300 மீற்றரும் அதே 1500 மீற்றரும் இந்த ஒடுங்கிய சட்டத்தின் இரு விளிம்புகளிலும் வந்துவிட்டால், ஏற்றம் 92 பிக்சலாகவும் சரிவு 1.3 பாகையாகவும் மாறும். இதை யாரும் கவனிப்பார்கள், "கமரா சரிந்துவிட்டது" என்றும் சொல்வார்கள். அதே சட்டத்தை யாழ்ப்பாணக் கோட்டையின் மதில் போன்ற உயரமான இடத்திலிருந்து, வில்லை நீரிலிருந்து 9 மீற்றர் உயரத்தில் இருக்க எடுத்தால் சரிவு மூன்று மடங்காகி நான்கு பாகையை நெருங்கிவிடும். உயரமான இடத்திலிருந்து நீண்ட வில்லையில் எடுத்த நீரேரிப் படங்கள் ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சரிந்து நிற்கின்றன என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

படத்தைப் பார்த்தே, சரிவு கரையினுடையதா கமராவினுடையதா என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. கரையில் கண்டல் மரங்கள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கும் இடமாகப் பார்த்து, அந்தக் கரும்பச்சைப் பட்டையின் தடிப்பைக் கவனியுங்கள். கமரா சரிந்திருந்தால் பட்டையின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் ஒரே பக்கமாக, ஒரே அளவு சரிந்திருக்கும், தடிப்பு மாறாது. கரை விலகிப் போவதால் வந்த சரிவானால் பட்டை ஆப்பு வடிவில் ஒடுங்கும்: கிட்டிய பக்கத்தில் தடித்தும் தூரப் பக்கத்தில் மெலிந்தும் இருக்கும், கீழ்விளிம்பு ஏறிப்போகும்போது மேல்விளிம்பு இறங்கிப்போகும். மேலே சொன்ன உதாரணத்தில் மரங்கள் 5 மீற்றர் உயரம் என்றால், இடது விளிம்பில் பட்டை ஏறக்குறைய 190 பிக்சல் தடிப்பாகவும் வலது விளிம்பில் 40 பிக்சலுக்கும் குறைவாகவும் இருக்கும். உண்மையான அடிவானம் அந்த ஆப்புக்குள்ளே, மரங்களின் மறைவில், மட்டமாக ஓடுகிறது. உங்கள் வில்லையின் உயரமான 3 மீற்றர் அளவில் ஒவ்வொரு மரத்திலும் ஒரு புள்ளி வைத்து அவற்றை இணைத்தால், அந்தக் கோடே மறைந்திருக்கும் அடிவானம். கண் அதைத் தேடுவதில்லை. நீருக்கும் இருண்ட மரத்துக்கும் இடையிலுள்ள கூரிய விளிம்பையே அது பிடித்துக்கொள்கிறது, குழப்பம் முழுவதும் அங்கிருந்துதான் பிறக்கிறது. பனைகள் இந்தச் சோதனைக்கு அவ்வளவு உதவா, அவற்றின் உயரம் மரத்துக்கு மரம் மாறும்.

மரப்பட்டை இல்லாத இடத்தில் நிலைக்குத்துக் கோடுகளைத் தேட வேண்டும். பண்ணையில் மாலை நேரத்தில் அதற்குக் கிடைக்கும் மிகச் சிறந்த கோடு, நீரில் விழும் சூரியனின் ஒளிப்பாதை. அலை சிறிதாக இருக்கும்போது அந்தப் பாதையின் நடு அச்சு சூரியனுக்கு நேர் கீழே இறங்கி உங்களை நோக்கியே வரும். ஆகவே சூரியனைச் சட்டத்தின் நடுவில் வைத்து எடுத்தால், அந்த அச்சு கட்டக்கோட்டின் நிலைக்குத்துக் கோடுகளுக்கு இணையாக நிற்க வேண்டும். பாதையின் ஓரங்கள் சிதறியிருக்கும், அவற்றைப் பார்த்து மயங்காமல் நடுவையே பாருங்கள். காற்று விழுந்து நீர் அசையாமல் நிற்கும் நாளில் இதைவிட நுட்பமான ஒன்று கிடைக்கும். ஒரு தடியின் நுனியும் நீரில் தெரியும் அதே நுனியின் நிழலுருவும் எப்போதும் ஒன்றுக்கொன்று நேர் கீழே இருக்கும். வலை கட்டுவதற்கு நாட்டிய தடி கோணலாக நிற்கலாம், அதனால் பாதகமில்லை, தடியைப் பார்க்காமல் நுனியையும் அதன் நிழல் நுனியையும் மட்டும் இணைத்துப் பாருங்கள். இந்த இரண்டு சோதனைகளும் சட்டத்தின் நடுப்பகுதியில்தான் நம்பத்தக்கவை, ஏனெனில் கமராவைச் சற்றுக் கீழே அல்லது மேலே குனித்துப் பிடித்தாலே ஓரங்களில் உள்ள நிலைக்குத்துக் கோடுகள் உட்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்துவிடும். அகல வில்லையில் எடுத்த படத்தின் ஓரத்து மின்கம்பம் சாய்ந்திருப்பதை வைத்து மட்டத்தைத் தீர்மானிக்கக்கூடாது.

இந்தச் சோதனைகள் மட்டங்காட்டி சொன்னதே சரி என்று காட்டினால், அடுத்த கேள்வி அந்தச் சரிந்த கரையை என்ன செய்வது என்பதே. திரும்பிப் போய் எடுக்க முடிந்தால் மிகச் சுத்தமான வழி, நிற்கும் இடத்தையும் உயரத்தையும் மாற்றுவது. கணக்கு சொல்வதுபோல் சரிவு உயரத்துக்கு நேர்விகிதமானது. வீதி மட்டத்தில் 3 மீற்றரில் பிடித்த அதே படத்தை, நீரோரத்துக்கு இறங்கிக் குந்தியிருந்து 1 மீற்றரில் பிடித்தால், 1.3 பாகைச் சரிவு 0.4 பாகையாகக் குறைந்துவிடும், அதற்குக் கமராவைத் துளியும் திருப்ப வேண்டியதில்லை. அல்லது, எதிர்க்கரை உங்கள் பார்வைக்குக் குறுக்காக, இரு விளிம்புகளிலும் ஒரே தொலைவில் வரும்படி சட்டத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். சூரியன் அந்தத் திசையில் இல்லாமற்போகலாம் என்பது உண்மைதான், நான் அப்படியான மாலைகளில் ஸூம் செய்வதைக் கைவிட்டு அகலமாகவே எடுத்துவிடுவேன்.

எடுத்து முடித்த படமானால் இங்கே ஒரு தீர்ப்பு தேவைப்படுகிறது. சட்டத்துக்குள் மின்கம்பம், கோபுரம், பாய்மரம், நிற்கும் மனிதர் என்று நிலைக்குத்தாக இருப்பது தெரிந்த ஏதாவது இருந்தால், மட்டங்காட்டி சொன்னபடியே விட்டுவிட வேண்டும். கரையை நேராக்குவதற்காக 1.3 பாகை திருப்பினால் அவை எல்லாம் 1.3 பாகை சாயும், அந்தச் சாய்வு கரையின் சரிவைவிட அசிங்கமாகத் தெரியும். நீரும் வானும் ஒரு மெல்லிய கரையும் மட்டுமே உள்ள படமானால், பார்ப்பவருக்கு அந்தக் கரைதான் அடிவானம், அவரிடம் கேத்திரகணிதம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அப்போது சரிவின் பாதியளவோ சற்றுக் கூடவோ திருப்பி, கண்ணுக்கு அமைதியாகத் தெரியும் இடத்தில் நிறுத்துவது எனக்குச் சரியாகவே படுகிறது. முழுவதும் திருப்பினால் ஒளிப்பாதை சாய்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மட்டங்காட்டியின் சொந்தப் பிழைக்கு வருவோம். அது எத்தனை நுட்பமானது என்று பலர் மிகையாக எண்ணுகிறார்கள். கெனன் நிறுவனம் தன் கமராக் கையேடுகளில், மட்டம் சரியென்று காட்டும்போதும் ஏறக்குறைய ஒரு பாகை வரை பிழை இருக்கலாம் என்று வெளிப்படையாகவே எழுதுகிறது. ஒரு பாகை என்பது 4032 பிக்சல் அகலப் படத்தில் 70 பிக்சல் ஏற்றம். திறந்த கடலின் அடிவானத்தில் அரைப் பாகைச் சரிவையே பழகிய கண் பிடித்துவிடும். ஆகவே கோடு மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவதை, ஏறக்குறைய மட்டம் என்ற அறிவிப்பாகக் கொண்டு, கடைசி அரைப் பாகையைக் கட்டக்கோட்டை வைத்து நீங்களே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

பிழை கருவியில்தான் இருக்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். கதவு நிலையிலிருந்து ஒரு நீண்ட நூலில் பூட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள், மேசன்மார் பிடிக்கும் தூக்குக்குண்டு இருந்தால் இன்னும் நல்லது. மின்விசிறியை நிறுத்தி, நூல் அசையாமல் நின்ற பின், நூல் சட்டத்தின் நடுவில் வரும்படியும், கமரா மேலும் கீழும் குனியாமல் நேரே பார்க்கும்படியும் பிடித்து, மட்டங்காட்டி சரி என்று காட்டும் நிலையில் பல படங்களை எடுங்கள். பிறகு கணினியில் பெரிதாக்கி, நூல் படத்தின் மேல் விளிம்பைத் தொடும் இடத்துக்கும் கீழ் விளிம்பைத் தொடும் இடத்துக்கும் பக்கவாட்டில் எத்தனை பிக்சல் வித்தியாசம் என்று பாருங்கள். 3024 பிக்சல் உயரமுள்ள படத்தில் 26 பிக்சல் விலகியிருந்தால் அது அரைப் பாகை. எல்லாப் படங்களிலும் ஒரே பக்கமாக, ஏறக்குறைய ஒரே அளவு விலகியிருந்தால் பிழை கருவியுடையது. படத்துக்குப் படம் பக்கமும் அளவும் மாறினால் அது உங்கள் கையுடையது. படுக்கையாகவும் நிமிர்த்தியும் தனித்தனியே சோதிப்பது நல்லது.

கருவியின் பிழை நிலையானதாகத் தெரிந்தால், பானசோனிக்கின் லுமிக்ஸ் கமராக்களிலும் ஒலிம்பஸ் கமராக்கள் பலவற்றிலும் மட்டங்காட்டியைத் திருத்தியமைக்கும் வசதி பட்டியலிலேயே இருக்கிறது. லுமிக்ஸில் அது Level Gauge Adjust என்ற பெயரில் வரும். அப்படியான வசதி இல்லாத கருவியில், இது எப்போதும் அரைப் பாகை வலப்பக்கம் தாழ்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அதற்கேற்பப் பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. உறை போட்ட கைபேசியை மேசையில் வைத்துச் சோதிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேசை மட்டமா என்பதே தெரியாது, உறையின் விளிம்பும் கமராவின் புடைப்பும் வேறு சேர்ந்துவிடும்.

அமைப்புகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஐபோனில் Settings, அதற்குள் Camera என்ற இடத்தில் Grid, Level என இரண்டும் இருக்கின்றன. 2023 இல் வந்த iOS 17 இலிருந்து இரண்டும் தனித்தனி ஆளிகளாகப் பிரிந்துவிட்டமையால் ஒன்றைப் போட்டால் மற்றது தானாக வராது. மட்டக்கோடு சிறிய சரிவுகளில் மட்டுமே தோன்றும், அதிகம் சரித்துப் பிடித்தால் மறைந்துவிடும், அதைப் பழுதென்று எண்ண வேண்டாம். கமராக்களில் நிக்கோன் இதை Virtual horizon என்கிறது, சோனியில் DISP விசையை அழுத்தி அழுத்தித் திரைக்காட்சியை மாற்றினால் வரும், கெனனில் INFO விசை அதே வேலையைச் செய்கிறது. கட்டக்கோடுகளில் மூன்றுக்கு மூன்று என்ற வகை படத்தை அமைக்க உதவினாலும், மட்டம் பார்ப்பதற்கு அதைவிட நெருக்கமான கட்டங்கள் நல்லவை, அடிவானத்துக்குக் கிட்ட ஏதாவதொரு கோடு எப்போதும் இருக்கும். கோட்டின் மேல் அடிவானத்தைச் சரியாகப் பொருத்தி மறைத்துவிடாமல், கோட்டுக்குச் சற்று மேலோ கீழோ வைத்து, இரு விளிம்புகளிலும் இடைவெளி சமமா என்று பார்ப்பது என் வழக்கம். இரண்டு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் சிறு சரிவு தெரிவதில்லை, இடைவெளி ஒடுங்குவது உடனே தெரியும்.

கையைப் பற்றியும் ஒரு சொல். படமெடுக்கும் விசை கமராவில் வலது மூலையில் இருப்பதால், அழுத்தும் விரல் அந்தப் பக்கத்தைக் கீழே அமர்த்துகிறது. திரையில் மட்டம் சரியாக இருந்து, படத்தில் எப்போதும் வலப்பக்கம் தாழ்ந்து வருமானால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். இரண்டு செக்கன் தாமதத்தில் வைத்து, விசையை அழுத்தியபின் மட்டத்தை மீண்டும் சரிசெய்துகொண்டு காத்திருந்தால் இந்தக் குறை நீங்கிவிடும்.

மட்டங்காட்டியை நம்பவே கூடாத இரண்டு நிலைகளையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒன்று, கமராவைச் செங்குத்தாகக் கீழேயோ மேலேயோ பார்க்கப் பிடிப்பது. ஈர்ப்பின் பெரும்பகுதி அப்போது வில்லையின் திசையிலேயே விழுந்துவிடுவதால், பக்கச்சரிவை உணர்வதற்கு ஆர்முடுகல்மானியிடம் மிகச் சிறிய பகுதியே எஞ்சுகிறது, காட்டும் அளவு தடுமாறும். மற்றது உங்களுக்கு அதிகம் பயன்படும்: குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகும் லோஞ்சில் நின்று எடுப்பது. ஆர்முடுகல்மானியால் புவியீர்ப்பையும் படகின் அசைவால் வரும் தள்ளலையும் பிரித்தறிய முடியாது, இரண்டையும் கூட்டியே உணர்கிறது. படகு பக்கவாட்டில் செக்கனுக்குச் செக்கன் அரை மீற்றர் வேகம் கூடும்படி தள்ளப்பட்டால் போதும், மட்டங்காட்டி ஏறக்குறைய மூன்று பாகை பொய் சொல்லும். அலையில் அது ஒரு பக்கமும் மறுபக்கமும் மாறிமாறி நடக்கிறது. ஆகவே லோஞ்சில் ஏறியதும் மட்டங்காட்டியை அணைத்துவிட்டு, திறந்த கடல் தெரியும் பக்கமாகத் திரும்பி, அடிவானத்தைக் கட்டக்கோட்டுக்கு இணையாக வைத்துத் தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுங்கள். லோஞ்சின் கைப்பிடிக் கம்பியைச் சட்டத்துக்குள் விட்டால் அது ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம் என்று சரிந்து நிற்கும். அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம், படகு உண்மையிலேயே சரிந்துதான் இருந்தது.

அகல வில்லையில், அதாவது 0.5 என்று காட்டும் கைபேசி வில்லையில், வேறொரு சிக்கல் வரலாம்: அடிவானம் சரியாமல் வளைகிறது. வில்லையின் வளைவுப் பிழை முழுவதும் திருத்தப்படாதபோது, படத்தின் மேற்பகுதியில் வைத்த அடிவானம் நடுவில் மேலெழும்பியும், கீழ்ப்பகுதியில் வைத்தது நடுவில் கீழிறங்கியும் தெரியும். வளைந்த கோட்டை எந்தக் கட்டக்கோட்டுக்கும் இணையாக்க முடியாது. இரு முனைகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அல்லது அடிவானத்தைப் படத்தின் நடுவுயரத்தில் வைத்து எடுத்துப் பின்னர் மேலோ கீழோ வெட்டிக்கொள்ளுங்கள்.

வெட்டுவது பற்றிச் சொல்லும்போது ஒரு கணக்கு. நான்குக்கு மூன்று அளவுள்ள படத்தை ஒரு பாகை திருப்பி நேராக்கினால், மூலைகளில் வரும் வெற்றிடத்தை நீக்குவதற்குப் பரப்பில் ஏறக்குறைய நாலரை வீதத்தை இழக்கிறீர்கள், மூன்று பாகை திருப்பினால் எட்டிலொரு பங்கு போய்விடும். எனவே விளிம்புகளில் சற்று இடம்விட்டு எடுத்திருந்தால் மட்டுமே பின்னர் திருத்துவது இலகு. தானாக நேராக்கும் வசதியை நீரேரிப் படங்களில் அழுத்த வேண்டாம். அது படத்தில் உள்ள நீண்ட கோட்டைத் தேடிப்பிடித்து அதையே மட்டமாக்குகிறது, பண்ணைப் படத்தில் அந்த நீண்ட கோடு சாய்வாக விலகும் அதே கரைதான். திருத்தும் அளவுகோலைக் கையால் நகர்த்துங்கள், நகர்த்தும்போது கரையைப் பார்க்காமல் ஒளிப்பாதையையும் நடுவிலுள்ள தடியின் நுனியையும் அதன் நிழலையும் பாருங்கள். அவை நிலைக்குத்தாக வந்த இடத்தில் அளவுகோல் பூச்சியத்திலேயே நின்றால், உங்கள் லெவலிலும் பிழையில்லை, பிடித்த கையிலும் பிழையில்லை.